குழாய்க்கும் தளத்துக்கும் நடுவே ஒரு விரற்கடை

ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் சென்ட்ரிங் அடிப்பவர், கம்பி கட்டுபவர், கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், வாட்டர்புரூஃபிங் செய்பவர், டைல்ஸ் பதிப்பவர் எனப் பல குழுக்கள் வேலை செய்கின்றன. பெரும்பாலும் ஒவ்வொரு குழுவும் வேறொரு துணை ஒப்பந்ததாரரின் ஆட்கள். கூலிக் கணக்கும் ஆளுக்கொரு விதம். சென்ட்ரிங்குக்கும் டைல்ஸுக்கும் சதுர அடிக் கணக்கு. கம்பிக்கு டன் கணக்கு. எலக்ட்ரீஷியனுக்குப் பாயிண்ட் கணக்கு. பிளம்பருக்குப் பல இடங்களில் ஒரு குளியலறைக்கு இவ்வளவு என்ற பேச்சு. இப்படி அளந்து கூலி கொடுப்பதில் தவறில்லை. ஆனால் இந்த அளவுகளில் எதிலும் அடங்காத இடங்கள் எல்லாக் கட்டடத்திலும் இருக்கின்றன. ஒருவர் வேலை முடிந்து இன்னொருவர் வேலை தொடங்கும் எல்லைகள்தான் அவை. கூலி இல்லாத இடத்தில் ஆளும் இருக்க மாட்டார். கட்டடத்தில் கசிவும் விரிசலும் சண்டையும் பெரும்பாலும் அந்த எல்லைகளில்தான் தொடங்குகின்றன.

இதைப் புரிந்துகொள்ள மிகச் சிறிய ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளலாம். மாடியில் இருக்கும் குளியலறையின் தளத்தைத் துளைத்துக்கொண்டு கழிவுக் குழாய் கீழே இறங்குகிறது. குழாயின் விட்டம் 110 மில்லிமீட்டர், துளையின் விட்டம் சுமார் 150 மில்லிமீட்டர். குழாயைச் சுற்றி 20 மில்லிமீட்டர் இடைவெளி, அதாவது ஏறத்தாழ ஒரு விரற்கடை. இதை அடைப்பது யார்?

பிளம்பரைக் கேட்டால், குழாயைப் பொருத்துவதோடு தன் வேலை முடிந்தது, கலவை வைப்பது கொத்தனார் வேலை என்பார். கொத்தனாரைக் கேட்டால், பிளம்பர் போட்ட ஓட்டையை அவர்தானே அடைக்க வேண்டும் என்பார். அடைத்துக் கொடுத்தால் மேலே மருந்து அடிப்பேன் என்பது வாட்டர்புரூஃபிங் செய்பவரின் பதில். மூவர் சொல்வதும் அவரவர் ஒப்பந்தப்படி சரிதான். கடைசியில் சைட் இன்ஜினீயர் கையில் கிடைத்த ஓர் ஆளைக் கூப்பிட்டு அடைக்கச் சொல்கிறார். சித்தாள் உடைந்த செங்கல் துண்டைத் திணித்து, மிச்சமிருந்த கலவையை மேலே தடவிவிட்டுப் போகிறார். 40 வீடுகள், வீட்டுக்கு இரண்டு குளியலறை, ஒன்றுக்கு நான்கு துளை என்று கணக்கிட்டால் அந்தக் கட்டடத்தில் இப்படி 320 இடங்கள்.

அந்த விரற்கடை இடைவெளியை அடைப்பது பார்வைக்குத்தான் சில்லறை வேலை. பி.வி.சி. குழாயின் மேற்பரப்பு வழவழப்பானது, சிமென்ட் அதில் பிடிப்பதில்லை. வெந்நீர் போகும்போது குழாய் விரிந்து, பிறகு சுருங்குகிறது. ஒரே அளவு சூட்டுக்கு பி.வி.சி. கான்கிரீட்டைப் போல ஐந்து மடங்குக்கு மேல் விரியக் கூடியது. சாதாரணக் கலவை காயும்போது தானும் சுருங்கும். இந்தக் காரணங்கள் சேர்ந்து, குழாயைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஒரு வளையப் பிளவை உண்டாக்குகின்றன. தண்ணீர் போக அது போதும்.

முறையாக அடைப்பதற்கு வரிசையான சில படிகள் உண்டு. தளத்தை ஊடுருவும் நீளத்துக்குக் குழாயின் மேல் சால்வென்ட் சிமென்டைத் தடவி, அது காயும் முன் உலர்ந்த மணலைத் தூவ வேண்டும். குழாய் சொரசொரப்பாகி, வைக்கும் கலவை அதைப் பிடித்துக்கொள்ளும். துளையின் ஓரத்தில் உள்ள தூசியையும் உதிரும் கான்கிரீட்டையும் தட்டி எடுத்துக் கழுவ வேண்டும். கீழ்ப்பக்கம் பிளைவுட் துண்டைக் கட்டி, சுருங்காத வகைக் கிரவுட்டை மேலிருந்து ஊற்ற வேண்டும். அது இறுகிய பிறகு குழாயும் தளமும் சேரும் மூலையில் சாய்வாகக் கலவை வைத்து உருட்ட வேண்டும். அதன் மேல் வலைத்துணி வைத்து வாட்டர்புரூஃபிங் பூச்சைக் குழாயின் மீதும் ஏற்றி அடிக்க வேண்டும். இந்தப் படிகளில் குழாய் வேலையும் இருக்கிறது, கலவை வேலையும் இருக்கிறது, பூச்சு வேலையும் இருக்கிறது. மூன்று தொழில்களும் தொட வேண்டிய இடம் என்பதால்தான் அது மூவருக்கும் சொந்தமில்லாமல் போகிறது.

இந்தத் துளையின் கதை உண்மையில் இன்னும் முன்பே, தளம் வார்க்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. குழாய் வரும் இடத்தில் ஸ்லீவ் எனப்படும் சற்றுப் பெரிய குழாய்த் துண்டை வைத்துத் தளத்தை வார்த்தால் துளை வட்டமாக, சரியான இடத்தில் கிடைக்கும். ஆனால் பல கட்டடங்களில் தளம் வார்க்கும் வரை பிளம்பிங் வேலை யாருக்கும் கொடுக்கப்பட்டிருக்காது. ஸ்லீவை வைக்க வேண்டியவர் இன்னும் சைட்டுக்கே வரவில்லை. சென்ட்ரிங் மேஸ்திரிக்கு அது தன் வேலையென்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆறு மாதம் கழித்து வரும் பிளம்பர் உளியும் சுத்தியலும் கொண்டு தளத்தைக் குடைகிறார். ஆறு அங்குலம் இருக்க வேண்டிய துளை பத்து அங்குலமாகக் கோணல்மாணலாக விரிகிறது. வழியில் குறுக்கிடும் கம்பி அறுபடுகிறது. விளிம்பைச் சுற்றிக் கான்கிரீட்டில் நுண்ணிய விரிசல்கள் ஓடுகின்றன. இரண்டு வேலைகள் ஒரே நாளில் சைட்டில் இல்லாததால் வரும் இடைவெளி இது. இதற்கு ஒரே வழிதான் உண்டு. தளத்தில் துளை வேண்டிய ஒவ்வொரு தொழிலுக்கும் ஆளை முடிவு செய்த பிறகே வார்க்க வேண்டும். முடியாவிட்டால், ஸ்லீவ் இடங்களைக் காட்டும் வரைபடத்துக்குப் பொறுப்பை முதன்மை ஒப்பந்ததாரரே ஏற்று, அதை வைக்கும் வேலையைச் சென்ட்ரிங் குழுவின் கூலியிலேயே சேர்த்துவிட வேண்டும்.

வீட்டுக்காரரும் இந்த வரிசையில் ஒரு தரப்புதான். தரையில் பொருத்தும் மேலைக் கழிப்பறைக் கோப்பையின் கழிவுத் துளை, டைல்ஸ் பதித்து முடித்த சுவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஒன்றுக்கு 9 அங்குலம் என்றால் இன்னொன்றுக்கு 12. கடைசியில் கடைக்குப் போய்ப் பிடித்ததை வாங்கிக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரர் இருந்தால், சரியாக வைத்த ஸ்லீவும் வீணாகிறது. வாங்கும் பொருளின் மாடலை எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்பதும் எல்லைப் பொறுப்புகளில் ஒன்று. அதை வீட்டுக்காரர் பெயரில் எழுதித்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் அந்த விரற்கடையை யாரிடம் ஒப்படைப்பது? பழக்கத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன. ஓட்டை போட்டவரே அடைக்கட்டும் என்பது ஒன்று. கலவை வேலை எல்லாம் கொத்தனாருக்கே என்பது இன்னொன்று. மூன்றாவது, அந்த இடம் கெட்டுப்போனால் யாருடைய வேலை தோற்றதாக ஆகுமோ அவரிடமே கொடுப்பது. முதல் இரண்டும் நியாயமாகத் தோன்றலாம், ஆனால் வேலைக்கு ஆகாது. பிளம்பர் நன்றாக அடைத்தாலும் மோசமாக அடைத்தாலும் அவர் குழாயில் தண்ணீர் ஓடும். கொத்தனாருக்கும் அதனால் லாப நஷ்டம் கிடையாது. தளம் கசியாது என்று உத்தரவாதம் எழுதிக் கொடுப்பவர் வாட்டர்புரூஃபிங் ஒப்பந்ததாரர். அடைப்பு சரியில்லை என்றால் அடிபடுவது அவருடைய உத்தரவாதம். எனவே மணல் தூவிய குழாயைப் பிளம்பர் அசையாமல் நிறுத்திக் கொடுத்த பிறகு, துளையைக் கழுவுவது முதல் வலைத்துணி வைப்பது வரை எல்லாம் வாட்டர்புரூஃபிங் செய்பவர் வேலை என்று எழுதுவதே சரி. துளைக்கு இவ்வளவு என்று அவர் விலைப்பட்டியலில் தனி வரியாக அதற்குக் கூலி இருக்க வேண்டும். கூலியில்லாமல் பொறுப்பை மட்டும் தலையில் கட்டினால், அது மறுபடியும் சித்தாளின் செங்கல் துண்டில்தான் போய் முடியும்.

எழுதும் விதமும் முக்கியம். “வாட்டர்புரூஃபிங் ஒப்பந்ததாரர் மற்றவர்களுடன் ஒருங்கிணைந்து செயல்பட வேண்டும்” என்ற வரி எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கிறது. அதை வைத்து யாரிடமும் எதையும் கேட்க முடியாது. கேட்கக் கூடிய வரி வேறு மாதிரி இருக்கும். துளையைப் பிளம்பர் எந்த நிலையில் ஒப்படைக்க வேண்டும், அடைக்கும் பொருளை யார் வாங்கித் தர வேண்டும், வேலையை யார் செய்ய வேண்டும், யார் சோதிக்க வேண்டும், எதைச் செய்து காட்டிய பிறகு அடுத்தவர் உள்ளே வரலாம் என்ற ஐந்தும் அதில் தெரிய வேண்டும். ஒரு குளியலறைக்கு இத்தகைய எல்லைகள் பத்துப் பதினைந்துக்கு மேல் வராது. வேலை தொடங்கும் முன் எல்லா ஒப்பந்ததாரர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, வரைபடத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு எல்லையாகக் கேட்டுக்கொண்டே போனால் அரை நாளில் பட்டியல் முடிந்துவிடும். கேள்வி கேட்டதும் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்கும் இடம் எதுவோ, அதுதான் பட்டியலில் முதலில் ஏற வேண்டியது.

எல்லைகள் எல்லாமே துளைகளைப் போலக் கண்ணுக்குத் தெரிவதில்லை. சில எல்லைகள் வெறும் அளவுகள். சுவருக்குள் புதைக்கும் ஷவர் டைவர்ட்டரை எடுத்துக்கொண்டால் விஷயம் விளங்கும். அதன் மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடியில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என இரண்டு கோடுகள் இருக்கும். முடிந்த டைல்ஸின் முகம் அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே வர வேண்டும். பிளம்பர் டைவர்ட்டரைப் புதைக்கும்போது அங்கே வெறும் செங்கல் சுவர்தான் இருக்கிறது. பூச்சு 15 மில்லிமீட்டர், டைல்ஸ் ஒட்டும் பசை 5, டைல்ஸ் 10 என்று வைத்தால் முடிந்த முகம் செங்கலிலிருந்து 30 மில்லிமீட்டர் வெளியே வரும். பிளம்பர் இந்தக் கணக்கில் டைவர்ட்டரை வைத்துவிட்டார். பிறகு வந்த டைல்ஸ் மேஸ்திரி பசை வேண்டாம் என்று வழக்கமான சிமென்ட் கலவையில் 20 மில்லிமீட்டர் கனத்தில் பதிக்கிறார். முகம் 45 மில்லிமீட்டருக்குப் போய்விடுகிறது. டைவர்ட்டர் டைல்ஸுக்குள் முழுகிவிடுகிறது, கைப்பிடியைப் பொருத்த முடியவில்லை. நீட்டிப்புத் துண்டு கிடைத்தால் தப்பிக்கலாம், இல்லையென்றால் டைல்ஸை உடைக்க வேண்டும். இருவரும் தங்கள் வேலையை ஒழுங்காகவே செய்தார்கள். முடிந்த முகம் எங்கே வரும் என்பதை முடிவு செய்யும் ஆள்தான் இல்லாமல் போனார்.

இதற்குத் தீர்வு, அந்த முகத்தை முன்கூட்டியே சுவரில் காட்டிவிடுவது. பிளம்பர் வருவதற்கு முன்பே, கலவை வில்லைகளைத் தூக்குக்குண்டு பார்த்து ஒட்டி, டைல்ஸின் முகம் வரும் இடத்தை நான்கு மூலையிலும் நிலைநிறுத்தலாம். தரைக்கும் அப்படியே. முடிந்த தரையிலிருந்து சரியாக ஒரு மீட்டர் உயரத்தில் எல்லா அறைச் சுவர்களிலும் ஒரே மட்டத்தில் கோடு அடிக்கப்பட வேண்டும். பிளம்பர் நகானி டிராப்பை வைப்பதும், தச்சர் கதவு நிலையை நிறுத்துவதும், எலக்ட்ரீஷியன் சுவிட்ச் பெட்டியைப் பதிப்பதும், டைல்ஸ் மேஸ்திரி சரிவு எடுப்பதும் அந்த ஒரே கோட்டிலிருந்து அளந்துதான் நடக்க வேண்டும். ஆளாளுக்கு டியூப் லெவல் பிடித்துக் கோடு அடிக்கும் சைட்டில், எட்டடி நீளக் குளியலறையில் நூற்றுக்கு ஒன்று என்ற சரிவுக்குத் தேவையான 24 மில்லிமீட்டர் வித்தியாசம் கோடுகளின் பிழையிலேயே கரைந்துவிடும். தண்ணீர் டிராப்புக்குப் போகாமல் கதவோரம் தேங்கும். அந்தக் கோட்டை அடிப்பதும், அழிந்தால் மறுபடி அடிப்பதும் எந்தத் துணை ஒப்பந்ததாரர் வேலையாகவும் இருக்கக் கூடாது. அது முதன்மை ஒப்பந்ததாரரின் சைட் இன்ஜினீயருக்கு உரியது. எல்லோருக்கும் பொதுவானதை ஒரு தொழிலின் கையில் கொடுத்தால், அவர் தன் வேலைக்கு வசதியாக அதை நகர்த்திக்கொள்வார்.

அடுத்த வகை எல்லை, முடிந்த வேலையைப் பிறகு வருபவர் கெடுக்கும் இடம். குளியலறையின் சன்கன் தளம், அதாவது மற்ற தளத்தைவிடத் தாழ்த்தி வார்க்கப்பட்ட பள்ளம், இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வாட்டர்புரூஃபிங் முடித்த பள்ளத்தில் பிளம்பர் குழாய்களை இழுக்கிறார். பின்னர் கொத்தனாரின் ஆட்கள் செங்கல் ஜல்லியை மேலேயிருந்து கொட்டி நிரப்புகிறார்கள். ஒரு கூர்மையான துண்டு பூச்சைக் கிழித்தாலோ, குழாய் இணைப்பை நகர்த்தினாலோ யார் கண்ணிலும் படாது. அதன் மேல் கான்கிரீட்டும் டைல்ஸும் வந்துவிடும். இரண்டு வாரம் கழித்து எலக்ட்ரீஷியன் கீசர் பாயிண்டுக்காகச் சுவரை வெட்டுகிறார். சுவரில் ஓரடி உயரத்துக்கு ஏற்றி அடித்திருந்த பூச்சு அங்கே அறுந்துபோகிறது.

இங்கே பொறுப்பைப் பிரிப்பதற்குச் சோதனைதான் கருவி. இரண்டு சோதனைகள் போதும், ஆனால் அவை விழும் நேரம் சரியாக இருக்க வேண்டும். பள்ளத்தில் பூச்சு காய்ந்ததும், துளைகளை மூடி இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, குறைந்தது 48 மணி நேரம் விட வேண்டும். விளிம்பில் பென்சிலால் நீர்மட்டத்தைக் குறித்து வைத்து, கீழ்த்தளத்துக் கூரையில் துளைக்குத் துளை போய்க் கையால் தடவிப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது வாட்டர்புரூஃபிங் செய்தவர், அடுத்து வரும் பிளம்பர், சைட் இன்ஜினீயர் மூவரும் இருக்க வேண்டும். மூவரும் கையெழுத்திட்ட அந்த நொடியில் பூச்சின் காவல் பிளம்பர் கைக்கு மாறுகிறது. அதற்குப் பிறகு ஏற்படும் கிழிசலுக்கு விலை கொடுப்பவர் அவர். குழாய் இழுத்து முடிந்து நிரப்பும் வேலை தொடங்கும் முன் மறுபடி தண்ணீர் நிறுத்திப் பார்த்துக் காவலைக் கொத்தனாரிடம் மாற்ற வேண்டும். அவசரத்தில் இந்த இரண்டாவது சோதனையைத்தான் பெரும்பாலான சைட்டுகளில் விட்டுவிடுகிறார்கள். விட்டுவிட்டால், பின்னால் கசியும்போது பிளம்பரையும் கொத்தனாரையும் பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

இன்னொரு சோதனை குழாய்களுக்கு. சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய்களை இயங்கு அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் சோதிப்பது வழக்கம். நல்ல சைட்டில் சோதனை முடிந்ததும் பம்பைக் கழற்றிக்கொண்டு போக மாட்டார்கள். டைல்ஸ் வேலை முடியும் வரை குழாயில் அழுத்தத்தை வைத்து, மானியை அறை வாசலிலேயே தொங்கவிடுவார்கள். டைல்ஸ் மேஸ்திரியோ எலக்ட்ரீஷியனோ குழாயில் ஆணி இறக்கினால் முள் அப்போதே விழுந்துவிடும். யார் அறைக்குள் இருந்தார்கள் என்பது அந்த நிமிடத்தில் எல்லோருக்கும் தெரியும். அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். மானி இல்லாத சைட்டில் அதே ஆணித்துளை குடிவந்த பிறகு வெளிப்படும், அப்போது ஒரு சுவர் டைல்ஸையே உடைக்க வேண்டியிருக்கும்.

எழுதி ஒப்படைத்த எல்லைகளும் நடுவில் ஒரு மாற்றம் வந்தால் குலைந்துபோகும். இதற்குக் கட்டுமான வரலாற்றில் மிகக் கொடிய சான்று அமெரிக்காவின் கான்சாஸ் நகரத்து ஹயாட் ரீஜென்சி ஹோட்டலில் 1981 ஜூலை 17 அன்று நடந்தது. முகப்புக் கூடத்தின் மேலே இரண்டு நடைபாலங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கூரையிலிருந்து எஃகுக் கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தன. முதல் வரைபடத்தில் ஒரே நீளக் கம்பி இரண்டு பாலங்களையும் தாங்கியது. அவ்வளவு நீளக் கம்பியில் மரை வெட்டுவது சிரமம் என்பதால், எஃகு வேலை எடுத்திருந்த நிறுவனம் அதை இரண்டு கம்பிகளாக மாற்றியது. மேல் பாலம் கூரையிலிருந்து தொங்கியது. கீழ்ப் பாலம் மேல் பாலத்திலிருந்து தொங்கியது. பார்ப்பதற்குச் சின்ன மாற்றம்தான். ஆனால் மேல் பாலத்தின் இணைப்பு அதனால் தன் சுமையோடு கீழ்ப் பாலத்தின் சுமையையும் தாங்க வேண்டியதாயிற்று, சுமை இரு மடங்கானது. அந்த இணைப்பைக் கணக்கிட்டுப் பார்க்கும் வேலை எஃகு நிறுவனத்தைச் சேர்ந்தது என்று வடிவமைப்புத் தரப்பு சொன்னது. எஃகு நிறுவனமோ, வரைபடத்தில் இருப்பது முடிவான வடிவம் என்று எடுத்துக்கொண்டது. ஒப்புதல் முத்திரை விழுந்தது, கணக்கை யாரும் போடவில்லை. அன்று மாலை கூட்டம் நிறைந்திருந்தபோது பாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். மாற்றத்துக்குப் பொறுப்பானவர்கள் என்று தீர்மானிக்கப்பட்ட பொறியாளர்கள் மிசௌரி மாநிலத்தில் உரிமத்தை இழந்தார்கள்.

குளியலறையில் அளவு வேறு, நடப்பது ஒன்றே. கழிவுக் குழாயை அரையடி நகர்த்துகிறோம் என்று பிளம்பர் கேட்கிறார், இன்ஜினீயர் போனிலேயே சரி என்கிறார். புதிய துளை பூச்சு முடிந்த தளத்தில் விழுகிறது. பழைய துளையை மூட வேண்டும் என்பது யார் நினைவிலும் இல்லை. ஆகவே மாற்றத்துக்குச் சம்மதம் கொடுப்பவர், அந்த இடத்தைத் தொடும் மற்ற தொழில்களின் பெயர்களை எல்லைப் பட்டியலில் தேடிப் பார்த்து, அவர்களுக்கும் சொன்ன பிறகே சம்மதம் செல்லும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். பட்டியலின் உண்மையான பயன் இங்கேதான். அது இல்லையென்றால் யார் யாரைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாது.

சில இடைவெளிகளை எந்தத் தொழிலிடமும் ஒப்படைக்க முடியாது. ஒரே நாளில் இரண்டு தொழில்கள் மாறிமாறித் தொட வேண்டிய வேலைகள், பொதுக் குப்பையை அள்ளுவது, சாரத்தை இன்னும் இரண்டு நாள் நிறுத்தி வைப்பது போன்றவை அப்படிப்பட்டவை. இவற்றை முதன்மை ஒப்பந்ததாரர் தன் சொந்த ஆட்களைக் கொண்டு செய்துகொள்வதே மலிவு. ஒரு கொத்தனாரும் இரண்டு உதவியாளும் நாள் கூலிக்கு எப்போதும் இருந்தால் போதும். அதைச் செலவு என்று தவிர்ப்பவர்கள், அதே தொகையைத் துணை ஒப்பந்ததாரர்களின் காத்திருப்பிலும் பேரத்திலும் இழக்கிறார்கள். எல்லாக் குளியலறை வேலைகளையும் ஒரே ஒப்பந்ததாரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுவது இன்னொரு வழி. எல்லைகள் குறையும் என்பது உண்மை. ஆனால் பிளம்பரின் தவறை வாட்டர்புரூஃபிங் செய்பவர் காட்டிக் கொடுக்கும் இயல்பான காவலும் அதோடு போய்விடும். அங்கே சோதனைகளுக்கு வெளியாள் ஒருவர் வந்தே ஆக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் கசிவு வந்தால், அது எந்த எல்லையைச் சேர்ந்தது என்று கண்டுபிடிப்பதற்கு முறை உண்டு. இடிக்கும் முன் அதைச் செய்ய வேண்டும். கீழ்வீட்டுக் கூரையில் இரவும் பகலும், வீட்டில் ஆள் இல்லாத நாளிலும் ஒரே சீராக ஈரம் இருந்தால், அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாயைச் சந்தேகிக்கலாம். வால்வை மூடி மானியை மாட்டினால் ஒரு மணி நேரத்தில் விடை தெரியும். குளித்த பிறகு மட்டும் சொட்டினால் கழிவுக் குழாயோ தரையோ காரணம். அப்போது தரையில் தண்ணீர் படாமல் ஒரு குழாயைச் செருகி, நேராக டிராப்புக்குள் மட்டும் சாயத் தண்ணீரை ஊற்ற வேண்டும். கீழே சாயம் வந்தால் இணைப்பில் கோளாறு, பிளம்பர் பொறுப்பு. வராவிட்டால் டிராப்பை அடைத்து, வேறு நிறச் சாயத் தண்ணீரைத் தரையில் நிறுத்த வேண்டும். இப்போது வந்தால் தரைப் பக்கம், அதாவது பூச்சோ துளையோரமோ. ஈரம் குழாயைச் சுற்றி வளையமாக இருக்கிறதா, சுவரடியில் கோடாக இருக்கிறதா என்பது மீதியைச் சொல்லும்.

இந்தச் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. ஐந்தடிக்கு எட்டடிக் குளியலறையில் ஓரடி ஆழத்துக்கு நிரப்பிய செங்கல் ஜல்லியின் கன அளவு ஒரு கன மீட்டருக்குச் சற்று அதிகம். அதில் மூன்றில் ஒரு பங்கு காலி இடம் என்று வைத்தால், 350 லிட்டருக்கு மேல் தண்ணீர் அதற்குள்ளேயே தங்கிக்கொள்ளும். இன்று தொடங்கிய கசிவு கீழே தெரிவதற்கு மாதங்கள் ஆகலாம். சரிசெய்த பிறகும் பழைய தண்ணீர் வாரக்கணக்கில் சொட்டிக்கொண்டிருக்கும், சரிசெய்தவர் மேல் வீண்பழி விழும். ஆகவே சாயத்துக்கு ஓரிரு நாள் அல்ல, ஒரு வாரமாவது அவகாசம் கொடுத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பள்ளத்தின் அடியிலிருந்து வெளியே ஒரு சிறு வடிகுழாய் விட்டிருந்தால் இந்தக் குழப்பம் பெருமளவு குறையும். அதில் தண்ணீர் சொட்டும் நாள்தான் கசிவு தொடங்கிய நாள். அந்த வடிகுழாயை வைப்பதும், பின்னால் வெளிப்பூச்சுக்காரர் அதை அடைத்துவிடாமல் காப்பதும் பட்டியலில் ஏற வேண்டிய இன்னும் இரண்டு வரிகள்.

வீடு வாங்கியவருக்கு இந்தப் பிரிவினை எதுவும் தேவையில்லை. ரெரா என்று அறியப்படும் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரியவந்து அதைச் சுட்டிக்காட்டினால், கட்டி விற்றவர் 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். பிளம்பர்தான் காரணம் என்று வாங்கியவரிடம் அவர் சொல்லித் தப்ப முடியாது. சொந்த மனையில் தனித்தனி ஆட்களை வைத்துக் கட்டிக்கொள்பவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே முதன்மை ஒப்பந்ததாரரின் இடத்தில் இருப்பவர் அந்த வீட்டுக்காரரேதான். மட்டக்கோடு, எல்லைப் பட்டியல், தண்ணீர்ச் சோதனை எல்லாம் அவர் தலையில் விழுகின்றன.

கட்டி விற்பவரோ மேலே ஐந்து ஆண்டுக்குக் கட்டுப்பட்டிருக்கிறார், கீழே பிளம்பரோடு போட்ட ஒப்பந்தத்தில் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் பிடித்தம் வைத்திருக்கிறார். இதுவும் ஓர் இடைவெளிதான். ஒவ்வொரு பில்லிலும் பிடித்து வைக்கும் தொகையை, சதுர அடி முடிந்ததும் விடுவிப்பதற்குப் பதிலாக, அந்த ஒப்பந்ததாரர் பெயரில் உள்ள எல்லைகளின் சோதனைத் தாள்கள் கையெழுத்தான பிறகு ஒரு பகுதியையும், வீட்டில் ஆள் குடியேறி ஒரு முழு மழைக்காலம் கழிந்த பிறகு மறுபகுதியையும் விடுவிக்கலாம். மீதி ஆண்டுகளுக்கு வாட்டர்புரூஃபிங் ஒப்பந்ததாரரிடம் எழுத்தில் உத்தரவாதம் வாங்கிக்கொள்ள வேண்டும். துளையோரங்களும் அதில் அடக்கம் என்று வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதைக் கையெழுத்துக்கு முன் பார்த்துக்கொள்வது அவசியம். வழக்கமான உத்தரவாதத் தாள்களில் “பிறர் ஏற்படுத்திய துளைகள் நீங்கலாக” என்ற வரி கடைசியில் சிறிய எழுத்தில் இருக்கும். அந்த வரி இருந்தால், குழாயைச் சுற்றியுள்ள விரற்கடை மறுபடியும் ஆளில்லாத இடமாகிவிடும்.